வேலை தொடங்கும் கடிதம்



ஒரு வேலையை ஒப்புக்கொண்டவர் அதைத் தொடங்கும் நாளில், வேலை கொடுத்தவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். முன்னாளில் அஃது அஞ்சலில் சென்றது. இந்நாளில் மின்னஞ்சலாகச் செல்கிறது. பேசி முடித்தவற்றை நினைவூட்டி, 'நாளை முதல் தொடங்குகிறேன்' என்று சொல்லும் கடிதம் அது. பெரும்பாலோர் அதை மரியாதைக்காக எழுதும் நாலு வரி என்றே எண்ணுகின்றனர். ஆனால் பின்னாளில் ஏதேனும் பிணக்கு வந்தால், இருவரும் தேடி எடுப்பது அந்த நாலு வரியைத்தான். எதற்குப் பணம், எப்போது பணம், இடையில் வேலை மாறினால் என்ன செய்வது என்னும் மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறதா என்றுதான் அப்போது பார்க்கிறார்கள். அத்தகைய ஒரு கடிதத்தை நானும் என் பழைய மாணவி ஒருத்தியும் ஒரு மாலைப் பொழுதில் உட்கார்ந்து திருத்தினோம். அந்தத் திருத்தத்தையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அவள் கல்லூரிப் படிப்பை முடித்து, இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் தொழிலைத் தனியாகத் தொடங்கியவள். கைத்தறிப் புடவை விற்கும் கடைக்காரர் ஒருவர் தம் கடைக்கு ஓர் இணையத்தளம் வேண்டும் என்றார். 60,000 ரூபாய் என்று பேச்சு முடிந்தது. அவள் எழுதிக்கொண்டு வந்த கடிதம் இது:

"அன்புடைய ஐயா, நேற்றுப் பேசியபடி தங்கள் கடைக்கான இணையத்தளத்தை முழுமையாக அமைத்துத் தருகிறேன். முகப்பு, புடவைகள், தொடர்பு முதலிய பக்கங்கள் இருக்கும். படங்கள் விரைவில் அனுப்பப்பட வேண்டும். தொகை 60,000 ரூபாய். ஒரு பகுதியை முன்னதாகவும் மீதியை வேலை முடிந்ததும் தரலாம். சிறு மாற்றங்கள் இருந்தால் செய்து தருகிறேன். நன்றி."

படித்துவிட்டு நான் சிறிது நேரம் பேசவில்லை. "ஏன் ஐயா, பிழை இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, அம்மா. ஆனால் இதே கடிதத்தை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன்" என்றேன்.

உண்மையாகவே எழுதியிருந்தேன். நண்பர் ஒருவர் வழியாக வந்த வேலை அது. அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. 'சிறு மாற்றங்கள் செய்து தருகிறேன்' என்று நான் எழுதிய ஒரு வரியை நம்பி, அவர்கள் வாரந்தோறும் ஒரு சிறு மாற்றம் கேட்டார்கள். ஒவ்வொன்றும் சிறியதுதான். ஆனால் ஆறு வாரத்தில் முடிய வேண்டிய வேலை ஐந்து மாதம் நீண்டது. மாற்றம் கேட்டுக்கொண்டிருக்கும் வரையில் வேலை 'முடியவில்லை' அன்றோ? ஆதலால் மீதிப் பணமும் வரவில்லை. அவர்கள் என்னை ஏமாற்றினார்கள் என்று சொல்லமாட்டேன். நான் எழுதிய கடிதத்தின்படியே நடந்துகொண்டார்கள். கடைசியில் பணத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து வெளியே வந்தேன். நண்பர் வீட்டுக்குப் போவதும் அத்துடன் நின்றது.

அதனால்தான் அவளுடைய கடிதத்தை மேசைமேல் வைத்து, முதலில் ஒரு கேள்வி கேட்டேன். "இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிறவர் யார்?"

"கடைக்காரர்தான், ஐயா."

"இன்றைக்கு அவர் படிப்பார். மூன்று மாதம் கழித்து, உன் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கப்போகிறவர் அவருடைய கணக்கர். நீங்கள் பேசியபோது அவர் அங்கே இல்லை. நீ நல்லவள் என்பதும் கடைக்காரர் தலையசைத்தார் என்பதும் அவருக்குத் தெரியா. பணம் கொடுக்கலாமா என்பதை இந்தக் கடிதத்தைக் கொண்டே அவர் முடிவு செய்ய வேண்டும். அவருக்காக எழுது."

கடிதத்தைத் திருத்துவதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. உடன் இல்லாத ஒருவர் படித்தால் எந்த இடத்தில் தயங்குவார் என்று பார்ப்பதுதான் வேலை. அவ்வாறு பார்த்தபோது நாலு சொற்கள் எங்களைத் தடுத்தன.

முதற்சொல் 'முழுமையாக'. எது முழுமை? கடைக்காரர் மனத்தில் உள்ள முழுமைக்கு எல்லை இல்லை. அடுத்தது 'முதலிய'. தமிழில் இது மிக நயமான சொல். ஆனால் வேலைக் கடிதத்தில் இதைப்போல் இடர் தருவது வேறில்லை. 'முகப்பு, புடவைகள், தொடர்பு முதலிய பக்கங்கள்' என்றால் மூன்று பக்கமா, முப்பது பக்கமா? 'போன்ற', 'உள்ளிட்ட' என்பனவும் இதன் உடன்பிறப்புகளே. மூன்றாவது 'அனுப்பப்பட வேண்டும்'. இந்த வாக்கியத்தில் செய்பவர் இல்லை. யார் அனுப்புவது? கடைக்காரர் என்று அவள் நினைத்தாள். அவள் ஒரு படக்காரரை அழைத்துவந்து எடுப்பாள் என்று கடைக்காரர் நினைத்திருக்கலாம். 40 புடவைகளைப் படம் எடுப்பது ஒரு நாள் வேலை. அதன் செலவு யாரைச் சேரும்? தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது எளிது. செய்பவர் யார் என்பது மறைந்துபோவதும் அவ்வளவு எளிது. நான்காவது 'விரைவில்'. இந்தச் சொல்லுக்கு எந்த நாட்காட்டியிலும் தேதி கிடையாது.

ஆதலால் வேலையின் எல்லையை எண்ணிக்கையாக எழுதினோம். முகப்பு, எங்களைப் பற்றி, புடவைகள், வாங்கும் முறை, தொடர்பு ஆகிய ஐந்து பக்கங்கள். புடவைகள் பக்கத்தில் 40 புடவைகள். மொழி, தமிழ். இவ்வளவும் உள்ளே இருப்பவை. பிறகு வெளியே இருப்பவற்றையும் எழுதினோம். படம் எடுத்தல், இணையத்தளத்தின் பெயருக்கும் இடத்துக்கும் ஆண்டுதோறும் செலுத்தும் கட்டணம், இணையத்தின் வழியே பணம் வாங்கும் வசதி ஆகியவை இத்தொகையில் சேரா. 'சேராதவற்றை எழுதினால் கடைக்காரர் வருந்தமாட்டாரா?' என்று அவள் தயங்கினாள். இன்று கேட்டால், 'அப்படியா, அதற்கு எவ்வளவு ஆகும்?' என்று கேட்பார். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் வருந்துவார்.

அடுத்து, எப்போது பணம் என்பது. 'வேலை முடிந்ததும்' என்று எழுதினால், முடிந்தது என்று சொல்லும் உரிமை முழுவதும் பணம் கொடுப்பவர் கைக்குப் போய்விடுகிறது. எனவே தொகையை மூன்று தவணையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கண்ணால் காணக்கூடிய ஒரு நிகழ்ச்சியோடு கட்டினோம். 18,000 ரூபாய் முன்பணம். அது வந்த மறுநாள் வேலை தொடங்கும். பக்கங்களின் மாதிரியைக் கடைக்காரர் ஏற்றதும் 24,000. தளத்தை ஒப்படைத்ததும் 18,000. ஒவ்வொரு பில்லையும் அதன் தேதியிலிருந்து 15 நாளில் செலுத்த வேண்டும். அவள் சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு செய்துகொள்ளவில்லை. ஆகையால் பில்லில் வரி சேராது என்பதையும் ஒரு வரியில் எழுதினோம். கணக்கர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகவே இருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'மாதிரியை ஏற்றதும்' என்றோம். அவர் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கடையில் திருவிழாக் கூட்டம், பார்க்க நேரமில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டாம் பில்லை எந்த நாளில் அனுப்புவது? எனவே, 'மாதிரியை நான் அனுப்பிய நாளிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் தாங்கள் திருத்தம் எழுதி அனுப்பாவிடில், மாதிரி ஏற்கப்பட்டதாகக் கொள்வோம்' என்று சேர்த்தோம். படங்களுக்கும் இவ்வாறே ஒரு தேதி வைத்தோம். ஜூன் 12ஆம் தேதிக்குள் கடைக்காரர் 40 படங்களையும் விவரங்களையும் அனுப்ப வேண்டும். எத்தனை நாள் தாமதமோ, அத்தனை நாள் ஒப்படைக்கும் தேதியும் தள்ளிப்போகும். தாமதம் 30 நாளைக் கடந்தால், வந்த படங்களைக் கொண்டே தளத்தை ஒப்படைத்துக் கடைசிப் பில்லை அனுப்பலாம்.

மாணவி உடனே ஒரு நல்ல ஐயத்தைக் கிளப்பினாள். "மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாமா, ஐயா? சட்டம் ஒப்புமா?"

இதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு குதிரை வழக்கை அவளுக்குச் சொன்னேன். ஃபெல்ட்ஹவுஸ் என்பவர் தம் அண்ணன் தம்பி உறவில் வந்த மகன் ஒருவருக்கு, 'உன் குதிரையை 30 பவுன் 15 ஷில்லிங்குக்கு வாங்கிக்கொள்கிறேன். வேறு பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று கொள்வேன்' என்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. பிறகு ஏலம் விடுபவர் தவறுதலாக அந்தக் குதிரையை வேறொருவருக்கு விற்றுவிட்டார். 'என் குதிரையை எப்படி விற்கலாம்?' என்று பெரியவர் வழக்குத் தொடுத்தார். 1862இல் நீதிமன்றம், அந்தக் குதிரை அவருடையது ஆகவில்லை என்று தீர்ப்பளித்தது. பதில் சொல்ல வேண்டியவர் பதில் சொல்லவில்லை. ஒருவர் தாமாகவே மற்றவருடைய மௌனத்தைச் சம்மதமாக்கிக்கொள்ள முடியாது.

இந்த வழக்கு நம் கடிதத்துக்கு இரண்டு பாடம் கற்பிக்கிறது. ஒன்று: கடிதத்தை அனுப்பியதோடு ஒப்பந்தம் ஆகிவிடாது. கடைக்காரர், 'ஏற்கிறேன்' என்று பதில் எழுத வேண்டும். ஆகவே கடிதத்தின் இறுதியில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். மற்றொன்று: கடைக்காரர் கடிதம் முழுவதையும் ஏற்றுப் பதில் எழுதிவிட்டால், ஏழு நாள் மௌனத்துக்கு என்ன பொருள் என்பதையும் அவர் முன்னதாகவே ஒப்புக்கொண்டவர் ஆகிறார். அப்போது அது நாமாகக் கட்டிய பொருள் அன்று. இருவரும் சேர்ந்து வகுத்த விதி.

மின்னஞ்சலில் வந்த பதில் போதுமா என்று கேட்பீர்கள். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவு, மின்னணு வடிவில் அமைந்தது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று கூறுகிறது. 2010இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வணிக வழக்கில், இன்றியமையாத நிபந்தனைகள் யாவும் மின்னஞ்சல்களிலேயே முடிவாகியிருந்தால், முறையான பத்திரம் கையெழுத்தாகவில்லை என்பதால் மட்டும் ஒப்பந்தம் இல்லாமற்போகாது என்று தீர்ப்பளித்தது.

இனி, வேலை மாறினால் என்ன என்பது. 'சிறு மாற்றங்கள்' என்பதை அடித்துவிட்டு, முதலில் பிழையையும் மாற்றத்தையும் பிரித்தோம். அவள் செய்ததில் தவறு இருந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாள் வரை கட்டணமின்றித் திருத்துவாள். மாதிரியில் இரண்டு முறை மாற்றம் கேட்பதும் தொகையில் அடங்கும். அதற்கு மேற்பட்டதும், எல்லையில் எழுதாததும் கூடுதல் வேலை. மணிக்கு 600 ரூபாய். இதில் முறைதான் கட்டணத்தைவிட முக்கியம். கடைக்காரர் வேண்டுவதை எழுதி அனுப்புவார். இரண்டு வேலை நாளுக்குள் அவள் எத்தனை மணி, எவ்வளவு பணம், எத்தனை நாள் என்று பதில் எழுதுவாள். அவர் 'செய்க' என்று எழுதிய பின்னரே அந்தக் கூடுதல் வேலை தொடங்கும். அதுவரை பழைய வேலை பழையபடி நடக்கும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 62ஆம் பிரிவிலும் இதே கருத்து இருக்கிறது. இருவரும் இசைந்தால் ஒப்பந்தத்தை மாற்றலாம். ஒருவர் மட்டும் மாற்ற இயலாது.

திருத்தி முடித்த கடிதத்தைக் கேளுங்கள்:

"அன்புடைய ஐயா, தங்கள் கடைக்கான இணையத்தளம் பற்றி நேற்றுப் பேசி முடித்தவற்றை எழுதியுள்ளேன். நான் தமிழில் ஐந்து பக்கங்கள் அமைத்து, 40 புடவைகளின் விவரங்களைச் சேர்த்துத் தருவேன். பக்கங்களின் பெயர்கள்: முகப்பு, எங்களைப் பற்றி, புடவைகள், வாங்கும் முறை, தொடர்பு. படம் எடுத்தல், ஆண்டுக் கட்டணங்கள், இணையத்தில் பணம் வாங்கும் வசதி ஆகியவை இதில் சேரா. படங்களையும் விவரங்களையும் தாங்கள் ஜூன் 12க்குள் அனுப்புவீர்கள். நான் ஜூன் 16இல் மாதிரியையும் ஜூலை 14இல் தளத்தையும் தருவேன். தங்கள் பொருள்கள் தாமதமானால் ஒப்படைக்கும் நாளும் அத்தனை நாள் தள்ளிப்போகும். தாமதம் 30 நாளைக் கடந்தால் வந்தவற்றைக் கொண்டு தளத்தை ஒப்படைப்பேன்.

மொத்தத் தொகை 60,000 ரூபாய், வரி சேராது. தொடங்கும்முன் 18,000, மாதிரி ஏற்கப்பட்டதும் 24,000, ஒப்படைத்ததும் 18,000. பில் தேதியிலிருந்து 15 நாளில் செலுத்த வேண்டுகிறேன். மாதிரி அனுப்பிய ஏழு வேலை நாளுக்குள் திருத்தம் வராவிடில் அது ஏற்கப்பட்டதாகக் கொள்வோம்.

மாதிரியில் இரண்டு முறை மாற்றங்களும், ஒப்படைத்த பின் 30 நாள் வரை பிழை திருத்தமும் தொகையில் அடங்கும். பிறவற்றுக்கு மணிக்கு 600 ரூபாய். தாங்கள் எழுதிக் கேட்ட இரண்டு வேலை நாளில் பணமும் நாளும் கணக்கிட்டு எழுதுவேன். தங்கள் எழுத்து இசைவு வந்த பின்னரே செய்வேன். வேலையை இடையில் நிறுத்த நேர்ந்தால், அதுவரை செய்ததற்கு மட்டும் பணம் தந்தால் போதும். இவை சரி எனில், 'ஏற்கிறேன்' என்று பதில் எழுத வேண்டுகிறேன்."

இது முதற்கடிதத்தைவிட நீளம்தான். ஆனால் இதில் கடுமையான சொல் ஒன்றும் இல்லை. எதைச் செய்பவர் 'நான்', எதைச் செய்பவர் 'தாங்கள்' என்பது தெளிவாக இருக்கிறது. அனுப்புவதற்கு முன், வேலையைப் பற்றி ஒன்றும் அறியாத அவள் தாயாரிடம் கொடுத்து, "இரண்டாம் பில் எந்த நாளில் போகும்?" என்று கேட்கச் சொன்னேன். அந்த அம்மையார் உடனே சொல்லவில்லை. "வேலை நாள் என்கிறாயே, ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேருமா?" என்று கேட்டார். 'ஞாயிறும் அரசு விடுமுறையும் நீங்கலாக' என்று சேர்த்தோம்.

கடைக்காரர் மறுநாள் 'ஏற்கிறேன்' என்று எழுதினார். மாதிரியையும் ஏற்றார். ஜூலை முதல் வாரத்தில், எதிர்பார்த்தது வந்தது. "வெளிநாட்டிலிருந்தும் கேட்கிறார்கள், ஆங்கிலத்திலும் போட்டுவிடு அம்மா" என்று தொலைபேசியில் சொன்னார். முன்பு நானாக இருந்திருந்தால், 'சரி' என்றிருப்பேன். அவள் கடிதத்தின்படி எழுதிக் கேட்டுக்கொண்டு, கணக்கிட்டாள். ஐந்து பக்கங்களுக்கு எட்டு மணி. 40 புடவைகளுக்குத் தலா கால் மணியாகப் பத்து மணி. ஆக 18 மணி, 10,800 ரூபாய், கூடுதலாக மூன்று நாள். இதை எழுதி அனுப்பினாள். கடைக்காரர் சிறிது யோசித்து, "பக்கங்கள் மட்டும் போதும், புடவைப் பெயரைப் படம் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்" என்று பதில் எழுதினார். எட்டு மணி, 4,800 ரூபாய்.

விலை தெரிந்ததும் தமக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று அவரே தேர்ந்துகொண்டார். விலை தெரியாதபோது எல்லாமே வேண்டும்போல் தோன்றும். என் ஐந்து மாதக் கதையில் நடந்ததும் அதுதான்.

இன்னொரு நாள், தொடர்பு எண்ணை மாற்றச் சொன்னார். ஐந்து நிமிட வேலை. அதற்கும் பில் போடுவதா என்று அவள் என்னைக் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆனால், 'இது கூடுதல் வேலை; இம்முறை கட்டணம் இல்லை' என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். எழுதாமல் செய்தால் அது வழக்கமாகிவிடும். எழுதிச் செய்தால் அன்பளிப்பாக நிற்கும்.

இத்தகைய கடிதத்துக்கு எல்லையும் உண்டு. பணம் தர மனமில்லாதவரை இது நாணயம் உள்ளவராக்கிவிடாது. தொகை பெரிதானால், அல்லது பலர் சேர்ந்து செய்யும் வேலையானால், வழக்கறிஞர் எழுதும் ஒப்பந்தமே வேண்டும். ஆனால் நாம் காணும் பிணக்குகளில் பல, நல்லவர் இருவர் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் கொள்வதால் வருபவை. அவற்றைத் தடுப்பதற்கு இந்தக் கடிதம் போதும்.

மூன்றாம் பில்லின் பணம் பன்னிரண்டாம் நாளில் வந்தது என்று அவள் எனக்கு எழுதியிருந்தாள். அனுப்பியவர் கடைக்காரர் அல்லர், அவருடைய கணக்கர். இருவரும் பேசியபோது உடன் இல்லாத அந்த மனிதர், ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்பியிருந்தார்.